ஒரே நிலம், இரண்டு கிரயப் பத்திரங்கள்: யாருக்குச் சொந்தம்?

ஒரு நிலத்தின் உரிமையாளர் ஜனவரி 5ஆம் தேதி ஒருவரிடம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். ஏதோ காரணத்தால் பதிவு தள்ளிப்போகிறது. ஜனவரி 20 அன்று அதே நிலத்தை, முதல் விற்பனை பற்றி எதுவுமே அறியாத இன்னொருவருக்கு விற்று, அன்றே பதிவும் செய்து கொடுக்கிறார். முதலாமவரின் பத்திரம் பிப்ரவரி 10 அன்றுதான் பதிவாகிறது. இருவரும் முழு விலை கொடுத்தவர்கள். நிலம் யாருக்கு?

இந்தியாவில் முதலாமவருக்கு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 48ஆவது பிரிவில், முன்னர் உண்டான உரிமையே மேலோங்கும் என்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 47ஆவது பிரிவு அதற்கு வலுச் சேர்க்கிறது: பத்திரம் என்று பதிவானாலும், அதன் பலன் எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே தொடங்கும். ஆகவே பிப்ரவரி 10இல் பதிவானது ஜனவரி 5க்குப் பின்னோக்கிச் செல்கிறது. 20ஆம் தேதி விற்க உரிமையாளர் கையில் எதுவும் மிச்சமில்லை. தன்னிடம் இல்லாததை யாரும் கொடுக்க முடியாது என்பதே இதன் அடிப்படை.

தர்க்கம் சரிதான். ஆனால் இரண்டாமவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 20 அன்று அவர் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்திருந்தாலும் அதில் முதல் விற்பனை இருந்திருக்காது. எழுதிய பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய நான்கு மாத அவகாசம் உண்டு. அந்த இடைவெளி சான்றில் தெரியாது. எல்லாக் கவனத்தோடும் வாங்கியவர் தோற்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் நேர் எதிர். விலை கொடுத்து வாங்கியவர்களில் முதலில் பதிந்தவருக்கே நிலம். முதல் விற்பனை தெரிந்தே ஓடிப்போய்ப் பதிந்திருந்தாலும் அவரே வெல்வார். வழக்கில் யாருக்கு என்ன தெரியும் என்று விசாரிக்க வேண்டியதில்லை என்பது இதன் வசதி. தெரிந்தே பறிப்பவருக்கும் பரிசு கிடைப்பது இதன் குறை.

இந்தக் குறையை நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்கள் அடைக்கின்றன: இரண்டாமவர் முதல் விற்பனையை அறியாதவராகவும், முந்திப் பதிந்தவராகவும் இருக்க வேண்டும். நம் கதையில் அவர் இரண்டுமாக இருப்பதால் நிலம் அவருக்கே. பிலிப்பைன்ஸ் சிவில் சட்டத்தின் 1544ஆவது பிரிவும் இதே திசையில், இன்னும் தெளிவாகச் செல்கிறது. முதலில் நல்லெண்ணத்தோடு பதிந்தவர். யாரும் பதியவில்லை என்றால் முதலில் நல்லெண்ணத்தோடு சுவாதீனம் பெற்றவர். அதுவும் இல்லையென்றால் நல்லெண்ணமும் பழைய ஆவணமும் உடையவர். இரண்டாமவரின் அறியாமை வாங்கும்போது மட்டும் இருந்தால் போதாது, பதியும் வரை நீடிக்க வேண்டும். முதலாமவருக்கோ இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டாவது விற்பனை காதில் விழுந்த பிறகும் அவர் விரைந்து பதிந்துகொள்ளலாம். இருக்கும் விதிகளில் இதையே நான் நியாயமானதாகக் கருதுகிறேன். பதியாமல் விட்டு இந்த ஆபத்தை உண்டாக்கியவர் முதலாமவர். அதைப் பயன்படுத்திக்கொள்ளாத வரை இரண்டாமவர் மேல் பழி இல்லை.

கதையில் ஒன்றை மட்டும் மாற்றினால் இந்தியாவிலும் விடை புரண்டுவிடும். முதலாமவரிடம் இருந்தது கிரயப் பத்திரம் அல்ல, வெறும் கிரய ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவுப்படி ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. எனவே பதிந்து வாங்கிய இரண்டாமவரே உரிமையாளர். ஆனால் அவர் ஒப்பந்தத்தை அறிந்தே வாங்கியிருந்தால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி அது அவரையும் கட்டும். விற்றவரோடு இவரும் சேர்ந்து முதலாமவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாவது வழக்கம்.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டால் தப்பிவிடலாமா? நிலத்தில் ஒருவர் வேலி போட்டுக் குடியிருந்தால், அவர் எந்த உரிமையில் இருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்கிறது. ஆகவே பதிவேட்டைப் பார்ப்பதோடு நிலத்துக்கும் போய், அங்கே இருப்பவரிடம் யார், எப்படி வந்தீர்கள் என்று கேட்டாக வேண்டும். பதிவேட்டில் தெரியாத முதலாமவர் பெரும்பாலும் அங்கேதான் அகப்படுவார்.

ஜெர்மனி இந்தச் சிக்கலை முளையிலேயே கிள்ளுகிறது. அங்கே நிலப் பதிவேட்டில் பெயர் ஏறும் வரை உரிமை மாறுவதே இல்லை. அதற்கு முன்பே ஒப்பந்தக்காரர் தன் கோரிக்கையை முன்குறிப்பாகப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு விற்றவர் வேறு யாருக்குக் கொடுத்தாலும் அந்த மாற்றம் முன்குறிப்பு உடையவரைப் பாதிக்காது. விலைத் தொகையை அதற்குப் பிறகே கொடுப்பது அங்குள்ள நடைமுறை.

எந்த விதியில் தோற்றாலும், தோற்றவர் விற்றவர்மேல் பணத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் வழக்குத் தொடரலாம். இந்தியாவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் ஒரே நிலத்தை இருவருக்கு விற்கத் துணிந்தவரிடம் அந்தப் பணம் பெரும்பாலும் மிஞ்சியிருப்பதில்லை. அதனால்தான் இருவரும் நிலத்துக்காகவே கடைசி வரை போராடுகிறார்கள்.