இடையில் நிறுத்த மூன்று விதிகள்: ஒரே பாம்புக்கடிச் சோதனையில் வைத்துப் பார்த்தால்

வன்னியில் காலபோக அறுவடை தொடங்கினால் கண்ணாடி விரியன் கடித்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது வழமை. அன்டிவெனம் ஏற்றும்போது சிலருக்கு உடம்பு தடித்து, மூச்சிரைத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். இந்த ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே ஓர் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றைக் கற்பனை செய்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் 400 பேர். பாதிப்பேருக்கு ஊசி, பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர். பயன் தெளிவாகத் தெரிந்தால் இடையிலேயே நிறுத்திவிடலாம் என்பதற்காக, ஒவ்வொரு 80 பேர் முடிந்ததும் ஒரு தடவை என, கடைசிக் கணக்கையும் சேர்த்து ஐந்து தடவை தரவைத் திறந்து பார்க்கிறோம்.

ஊசியில் பயனே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பைத்தான் பி மதிப்பு என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதற்கு வழக்கமான 0.05 என்ற எல்லையையே வைத்தால், ஊசியில் ஒரு பயனுமே இல்லாதபோதும் எங்காவது ஓரிடத்தில் 'வெற்றி' தென்படும் வாய்ப்பு 5 சதவீதமாக இருக்காது, ஏறத்தாழ 14 சதவீதமாகிவிடும். இதைக் கட்டுப்படுத்தத்தான் நிறுத்தல் விதிகள் வந்தன.

புள்ளியியலாளர் பொக்கொக் 1977இல் சொன்னது எளிமையானது. ஐந்து தடவையும் ஒரே எல்லை, பி மதிப்பு 0.0158. ஒப்ரையனும் ஃபிளெமிங்கும் 1979இல் வேறு மாதிரி வைத்தார்கள். ஆரம்பத்தில் எல்லை மிகக் கடுமை, போகப்போக இளகும்: முதல் தடவை 0.000005, இரண்டாவது 0.0013, மூன்றாவது 0.0085, நான்காவது 0.023 அளவில், கடைசியில் 0.041. ஹேபிட்டில்–பீட்டோ விதி இன்னும் சுலபம். இடையில் எப்போது பார்த்தாலும் 0.001, கடைசியில் கிட்டத்தட்ட வழக்கமான 0.05. மூன்றுமே மொத்தத் தவறை 5 சதவீதத்துக்குள் அல்லது அதை ஒட்டி வைத்திருப்பவைதான். அந்தத் தவறுக்கான இடத்தை எந்தக் கட்டத்தில் செலவழிக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

சரி, முதல் 80 பேர் முடிந்தார்கள். உப்புநீர் போட்ட 40 பேரில் 10 பேருக்குக் கடும் ஒவ்வாமை. ஊசி போட்ட 40 பேரில் 2 பேருக்கு மட்டும். பி மதிப்பு 0.012 அளவில் வருகிறது. பொக்கொக் விதிப்படி சோதனையை நிறுத்தலாம். மற்ற இரண்டும் தொடரச் சொல்கின்றன, அதுவும் தயக்கமே இல்லாமல்.

பொக்கொக் வழி ஏன் பிசகுகிறது என்பதை இந்த எண்களிலேயே காணலாம். ஊசிப் பக்கம் 2க்குப் பதில் 3 பேருக்கு ஒவ்வாமை வந்திருந்தால் பி மதிப்பு 0.034, நிறுத்த முடியாது. உப்புநீர்ப் பக்கம் 10 பேர் இருக்கையில், முதல் தடவையிலேயே நிறுத்த வேண்டுமானால் ஊசிப் பக்கம் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படி நின்ற சோதனை 'ஒவ்வாமை குறைந்தது 80 சதவீதம் குறைகிறது' என்றுதான் அறிவிக்க முடியும். உண்மையில் அந்த ஊசி மூன்றிலொரு பங்குதான் குறைக்கிறது என்றால், அந்த உண்மையை அறிவிக்க இந்தக் கட்டத்தில் வழியே இல்லை. நிறுத்தல் எல்லையே பெரிய எண்களை மட்டும் வெளியே விடும் சல்லடை. யாரும் ஏமாற்றவில்லை, கணக்கும் பிழையில்லை, ஆனாலும் வெளிவரும் மதிப்பீடு ஊதிப்போயிருக்கும். எவ்வளவு முன்னதாக நிறுத்துகிறோமோ அவ்வளவு ஊதும்.

இப்போது அதே சோதனை 400 பேர் வரை ஓடியது என்று வைப்போம். உப்புநீர்ப் பக்கம் 200 பேரில் 50, ஊசிப் பக்கம் 33. மூன்றிலொரு பங்கு குறைவு, பி மதிப்பு 0.036. ஒப்ரையன்–ஃபிளெமிங் விதியில் இது தேறுகிறது, ஹேபிட்டில்–பீட்டோவிலும் தேறுகிறது. இதே கடைசி எண்களைப் பொக்கொக் எல்லையில் வைத்தால் தேறாது, ஏனென்றால் அங்கே கடைசியிலும் 0.0158தான். முன்கூட்டியே நிறுத்தும் வசதிக்கு அந்த விதி கேட்கும் விலை இது. ஆரம்பத்தில் ஊதிய விடையைத் தந்துவிடும், கடைசியில் உண்மையான மிதமான பயனைக் கைவிட்டுவிடும். எனக்கு அது கட்டுப்படியாகாத வியாபாரமாகவே தெரிகிறது.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர், வார்டில் வேலை செய்கிற டொக்டர், எப்போதும் ஒரு கேள்வியோடு வருவார். "பலன் கண்ணுக்குத் தெரியுது. பிறகும் ஏன் அண்ணை, அடுத்தாளுக்கு உப்புத்தண்ணி ஏத்தச் சொல்லுறியள்?" நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பதில், கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு நிச்சயம் என்பதில் இருக்கிறது.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஏ.எம்.எல். 12 என்ற இரத்தப் புற்றுநோய்ச் சோதனையில் இந்தக் கேள்வி நேராகவே எழுந்தது. நான்கு சுற்று கீமோதெரபி போதுமா, ஐந்து வேண்டுமா என்பது விஷயம். இடைக்காலப் பகுப்பாய்வில் ஐந்தாவது சுற்று பெற்றவர்களுக்கு இறப்பின் வாய்ப்பு விகிதம் 53 சதவீதம் குறைவாகத் தெரிந்தது, பி மதிப்பு 0.003. ஐந்து தடவைப் பொக்கொக் எல்லை அங்கே இருந்திருந்தால் சோதனை நின்றிருக்கும். தரவைக் கண்காணித்த சுயாதீனக் குழுவோ, ஒரேயொரு கூடுதல் சுற்றால் இவ்வளவு பெரிய பயன் வருவது நம்பத்தகாதது என்று சொல்லித் தொடர விட்டது. கடைசியில் 1078 பேரை வைத்துப் பார்த்தபோது ஐந்தாவது சுற்றால் எந்தப் பயனும் இல்லை. நிறுத்தியிருந்தால் பின்னால் வந்த நோயாளிகளுக்கெல்லாம் ஒரு சுற்று நச்சு மருந்து வீணாகப் போயிருக்கும். டொக்டரின் கேள்விக்கு மறுபக்கம் அந்த நோயாளிகள்தான்.

நிறுத்திய கதையும் உண்டு. தீவிர சிகிச்சை நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையை இன்சுலினால் இறுக்கமாகக் கட்டுப்படுத்திப் பார்த்து, பெல்ஜியத்தில் 2001இல் வெளியான சோதனை 1548 பேரோடு முன்கூட்டியே நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவு இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6க்கு இறங்கியதாகச் சொன்னார்கள். 2009இல் 6104 பேரைச் சேர்த்த நைஸ்–சுகர் சோதனையில் இறுக்கமான கட்டுப்பாட்டுப் பக்கம்தான் அதிகம் பேர் இறந்தார்கள்: 27.5 சதவீதம், மறுபக்கம் 24.9. இரண்டு சோதனைகளின் நோயாளிகளும் சிகிச்சை முறையும் ஒன்றல்ல, ஆகவே ஒன்று மற்றதைப் பொய்யாக்கியது என்று நேராகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இடையிலிருந்த வருடங்களில் உலகமெங்கும் பல பிரிவுகள் அந்த இறுக்கத்தைப் பின்பற்றத் தொடங்கிவிட்டன.

பாதுகாப்புத் தரவும் இதே மாதிரித்தான். 40 பேருக்கு ஊசி போட்டு ஒருவருக்கும் பாரதூரமான தீங்கு வரவில்லை என்றாலும், அந்தத் தீங்கு 7 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. கண்ணாடி விரியன் கடியில் இரத்தம் உறையாது. ஊசி இரத்த அழுத்தத்தை ஏற்றும் வகையென்றால் மூளைக் கசிவு பற்றி யோசிக்கத்தான் வேண்டும். 40 பேரில் அது தெரியாது. தீங்கு பக்கம் நிறுத்துவதற்கு எல்லையை இளக்கி வைப்பதும், பயன் பக்கம் கடுமையாக வைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் ஒப்ரையன்–ஃபிளெமிங்கா, ஹேபிட்டில்–பீட்டோவா? ஹேபிட்டில்–பீட்டோவை யாருக்கும் ஒரு வரியில் விளக்கலாம், எத்தனை தடவை பார்த்தாலும் எல்லை மாறாது. குறை என்னவென்றால், பாதி தாண்டி நல்ல ஆதாரம் சேர்ந்த பிறகும் அதே 0.001ஐக் கேட்டு நிற்கும். ஒப்ரையன்–ஃபிளெமிங் அந்த இடத்தில் தளர்ந்து கொடுக்கும். ஆனால் அதன் பழைய வடிவம் சம இடைவெளியில் பார்ப்பதையே எதிர்பார்க்கிறது. பாம்பு நம் அட்டவணைக்குக் கடிப்பதில்லை. மழைக்காலத்தில் வீதி அறுந்தால் கடிபட்டவர் வந்து சேர்வதே சந்தேகம். அறுவடையில் ஒரே கிழமையில் குவிவார்கள். இதற்கு லானும் டிமெட்ஸும் 1983இல் வழி செய்தார்கள். எத்தனையாவது தடவை என்பதை விட்டு, மொத்தத் தரவில் எத்தனை பங்கு சேர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு எல்லையைக் கணக்கிடலாம்.

எங்கள் கற்பனைச் சோதனைக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான்: லான்–டிமெட்ஸ் முறையில் ஒப்ரையன்–ஃபிளெமிங் எல்லை, பயனுக்காக நிறுத்துவது பற்றி 200 பேர் சேரும்வரை பேச்சே இல்லை, தீங்குக்காக மட்டும் அதற்கு முன்பும் பார்க்கலாம். இன்னொரு நிபந்தனையும் உண்டு. காலபோக அறுவடை நோயாளிகளை மட்டும் வைத்து முடிக்கக் கூடாது. வயலில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கும், வீட்டில் நிலத்தில் படுத்திருக்கையில் எட்டடி விரியன் கடித்தவருக்கும் ஊசி ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்பது எந்த நிறுத்தல் எல்லையிலும் எழுதப்படாத கேள்வி. அதற்கு இரண்டு வகையினரும் போதிய அளவு சேரும்வரை சோதனை ஓட வேண்டும்.