ஹாஜியாருக்கு ஒரு நிமிடம்: சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு ஹாஜியாருக்கு, கையிருப்புக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் ஒன்றைச் செய்து கொடுத்தோம். வேலை நல்லபடி முடிந்தது. கொள்ளுப்பிட்டியில் ஹலால் சாப்பாடு கொடுக்கும் ஓர் இடத்தில் இருபது பேருக்கு இராச்சாப்பாடு ஏற்பாடு செய்தோம். விருந்து கொடுப்பவன் நான் என்பதால் எழுந்து நின்று கிளாசை உயர்த்தி நாலு வார்த்தை சொல்ல வேண்டியதும் நான்தான். அதற்கு முன் மூன்று விஷயங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தது: எப்போது பேசுவது, எதை உயர்த்துவது, என்ன சொல்வது.

முதலில் நேரம். ஆங்கிலேய முறையில் முறையான விருந்துகளில் சாப்பாடெல்லாம் முடிந்து இனிப்பு வந்த பிறகே கிளாசை உயர்த்துவார்கள். வயிறு நிறைந்தவர் பொறுமையாகக் கேட்பார் என்பது அதிலுள்ள நியாயம். கொழும்பில் அது சரிவராது. இங்கே விருந்தின் நடுப்பகுதி சாப்பாட்டுக்கு முன்னாலேயே நடந்துவிடும். ஏழரைக்கு வந்தவர்கள் கட்லட்டும் ரோல்ஸும் கடித்துக்கொண்டு ஒன்பதரை வரை கதைப்பார்கள். புஃபே மூடியைத் திறந்தால் அரை மணி நேரத்தில் வட்டிலப்பம், அடுத்த ஐந்து நிமிடத்தில் வாகனச் சாவியைத் தேடுவார்கள். சாப்பிட்டதும் கிளம்புவது இங்கே மரியாதைக்குறைவு அல்ல, வழக்கம். சில வருடங்களுக்கு முன் வேறொரு வாடிக்கையாளருக்கு இனிப்புக்குப் பிறகு பேச எழுந்தேன். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் கை கழுவும் இடத்தில் நின்றார்கள். மீதிப் பேர் எழுந்துவிட்ட என்னைப் பார்த்து, விடைபெறும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துத் தாங்களும் எழுந்துவிட்டார்கள்.

வந்தவுடனே பேசிவிடலாமா என்றால் அதுவும் இல்லை. போக்குவரத்தில் மாட்டி எட்டேகாலுக்கு வருபவர்தான் பெரும்பாலும் முக்கியமானவராக இருப்பார். ஆகவே என் தேர்வு, எல்லாரும் மேசையில் உட்கார்ந்து, மூடி திறக்க இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிற இடைவெளி. இதைப் பரிமாறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வாய் திறக்கும்போது சரியாகக் கோழிக்கறி வாசம் வரும்.

அடுத்தது கிளாஸ். இதில் எனக்கு அதிகம் யோசனை இல்லை. வைன் வைத்திருப்பவர் ஒரு பக்கம், ஜூஸ் வைத்திருப்பவர் ஒரு பக்கம் என்று மேசை இரண்டாகப் பிரிந்தால், கிளாசை உயர்த்தும் அந்த ஒரு நொடியில் அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். போயா தினமென்றால் மதுபான விற்பனைக்கே தடை, கேள்வியே எழாது. மற்ற நாளில் முடிவு விருந்து கொடுப்பவர் கையில். எல்லாருக்கும் ஒரே லைம் ஜூஸ் என்று வைத்தோம். ஆனால் ஜூஸாக இருந்தாலும் கிளாஸ் உயர்த்துவதையே விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஹாஜியாரின் மூத்த மகனை முதல்நாள் தொலைபேசியில் கேட்டேன். "ஜூஸ் எண்டா வாப்பாக்குப் பிரச்சினை இல்ல" என்றார். அவர் தயங்கியிருந்தால் கிளாசை விட்டுவிட்டு வார்த்தையோடு நிறுத்தியிருப்பேன்.

அப்புறம் பேச்சு. இதில்தான் எனக்கும் எங்கள் அலுவலக மேலாளருக்கும் இழுபறி. அவர் எழுதிக் கொடுத்தது இப்படி ஆரம்பித்தது:

"அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள். பல்வேறு சவால்களுக்கு மத்தியிலும் இச்செயற்றிட்டத்தை வெற்றிகரமாக நிறைவு செய்தமையையிட்டு எமது நிறுவனம் பெருமகிழ்ச்சி அடைகின்றது. எதிர்வரும் காலங்களிலும் உங்களது மேலான ஒத்துழைப்பை எதிர்பார்த்து..."

பிழையென்று ஒன்றும் இல்லை. திறப்பு விழாவில் வாசித்தால் கைதட்டுவார்கள். ஆனால் இதில் மகிழ்கிறவர் யார் என்று பாருங்கள்: நாங்கள். விருந்தாளி எங்கே? கடைசி வரியில், அதுவும் அடுத்த வேலையைத் தர வேண்டியவராக. சாப்பாட்டு மேசையில் அடுத்த ஒப்பந்தத்தைத் தொட்டால், இந்தச் சாப்பாடு எதற்கு என்று அவர் நினைக்கத் தொடங்கிவிடுவார். "சவால்கள்" என்பதும் சிக்கலான சொல். யார் கொடுத்த சவால் என்று கணக்காளர் மனதுக்குள் கேட்பார்.

நான் எழுதியது:

"ஹாஜியாருக்கும், மகன்மாருக்கும், ஸ்டோர் பார்க்கும் எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கடையைப் பூட்டிவிட்டுச் சரக்கு எண்ணிய அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரவு பத்து மணிக்கு ஆணிப் பெட்டி எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஏன் என்று ஹாஜியார் ஒருவரையும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, 'வாங்க, இன்னொருக்கா எண்ணுவோம்' என்று முதல் பெட்டியை அவரே இறக்கினார். அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் களைப்புத் தெரியவில்லை. அந்தப் பெட்டியை இறக்கிய கைக்கும், கூட நின்று எண்ணிய உங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. ஹாஜியாருக்காக!"

கைப்பேசியில் நேரம் பிடித்துப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இதையும் முதலில் எழுதியபோது ஒரு தவறு இருந்தது. "ஸ்டோர் கணக்கு ஒத்துவரவில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த ஸ்டோரைப் பார்ப்பவர் ஹாஜியாருக்கு மூன்றாவது நாற்காலியில் உட்காரப் போகிறார். உண்மையில் பிழை எங்கள் பக்கம்: பெட்டியாக வந்ததைச் சில இடங்களில் கிலோவாகப் பதிந்திருந்தோம். அதையும் சொல்லவில்லை, ஏனென்றால் பதிந்த பையனும் அங்கே இருப்பான். "ஆணிப் பெட்டி எண்ணிக்கை" என்று மாற்றியதும் யாருக்கும் தலை குனிய வேண்டி வரவில்லை. இப்படிப் பேச்சு எழுதினால், மேசையில் உட்காரப்போகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்து, அவர் முகத்தை மனதில் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மேலாளரின் பேச்சுக்கும் எனதுக்கும் பெரிய வித்தியாசம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. நமக்குப் பழக்கமான முடிவு "நன்றி, வணக்கம்." அதைக் கேட்டதும் தமிழ்க் கை தானாகத் தட்டப் போகும். தட்டுகிற கையில் கிளாஸ் இருக்க முடியாது. சிங்கள நண்பர்கள் "ஜயவேவா" என்று சொல்லிக் கிளாசை உயர்த்துவார்கள். நமக்கு அப்படி ஊரறிந்த ஒரு சொல் இல்லை. "நலம் பருகுவோம்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆகவே பேரைச் சொல்லி, "-க்காக" என்று கிளாசோடு நிறுத்துவது நல்லது. கேட்பவர்கள் அதையே திருப்பிச் சொல்ல முடியும், எப்போது குடிப்பது என்ற குழப்பமும் இல்லை. வட்ட மேசையில் எதிர்ப்பக்கம் வரை எட்டி இடிக்கத் தேவையில்லை, உயர்த்தினால் போதும்.

ஒரு சின்ன விஷயம். யாருக்காக உயர்த்துகிறோமோ அவர் எழுவதில்லை, அந்த மிடறு குடிப்பதும் இல்லை என்பது மரபு. ஹாஜியார் எல்லாரோடும் சேர்ந்து எழுந்து குடித்துவிட்டார். யாரும் கவனித்ததாகக் காட்டவில்லை. நான் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன், பதில் சொல்வாரோ என்று. "அந்த ஆணி இன்னும் விக்கல்ல" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் மூடிகளைத் திறந்துவிட்டார்கள்.