கட்டணச் சான்றிதழ்: மாதக் கணக்கா, மொத்தக் கணக்கா?

குத்தகைக்காரருக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்று மாதந்தோறும் சான்றளிக்கும்போது, அந்த மாத வேலையை மட்டும் கணக்கிடுவதா, தொடக்கம் முதலான மொத்தத்தையும் கணக்கிடுவதா? பினாங்கு பாயான் லெப்பாசில் ஓர் அடுக்குமாடி வேலை என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானத் தளத்தில் கிடந்த 40 டன் கம்பிக்கு, டன்னுக்கு 3,000 ரிங்கிட் வீதம், போன மாதச் சான்றிதழில் 120,000 சேர்த்தாயிற்று. இந்த மாதம் அதில் 30 டன் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது.

இந்த மாத வேலையை மட்டும் கூட்டினால் சரிபார்ப்பு சீக்கிரம் முடியும். ஆனால் அந்த 30 டன் அளந்த வேலையின் விலைக்குள்ளும் வந்துவிடும். யாராவது நினைவாகக் கழிக்காவிட்டால் 90,000 ரிங்கிட் இரண்டு முறை போகும்.

எனக்கு மொத்தக் கணக்குதான் சரி. தொடக்கம் முதலான வேலையை அளந்து, மிச்சக் கம்பியைக் கட்டுக்கட்டாக எண்ணி, 10 டன்னுக்கு 30,000 மட்டும் சேர்ப்பேன். அப்புறம் உத்தரவாதமாக நிறுத்திவைக்கும் பிடிப்புத் தொகை, முன்பணப் பிடித்தம், கடைசியில் முந்தைய சான்றிதழ்களின் தொகை கழியும். போன மாதம் கூடுதலாகப் போயிருந்தாலும் இங்கே நேராகிவிடும்.