ஐந்தாவது மாடி பிளானில் இல்லை

சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் சென்னை போயிருந்தேன். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், மேடவாக்கத்தில், கட்டிக்கொண்டிருக்கிற ஒரு அடுக்கு மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்து முடிவு செய்துவிட்டு வர வேண்டும் என்பது திட்டம். மாமா (அக்கா வீட்டுக்காரர்) பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "வாங்குறியோ இல்லையோ, முதல் வாரம் காசு மட்டும் கட்டாதே" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார்.

சேல்ஸ் ஆபீஸ் நன்றாகத்தான் இருந்தது. ஏசி, ஃபில்டர் காபி, கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரி. பேசிய பையன் மரியாதையானவன். கீழே கார் நிறுத்துகிற ஸ்டில்ட், அதற்கு மேல் ஐந்து மாடி, மொத்தம் 40 ஃபிளாட். எனக்குக் காட்டியது ஐந்தாவது மாடியில் கிழக்கு பார்த்த இரண்டு படுக்கையறை வீடு. 1,000 சதுர அடி, அடி 8,000 ரூபாய், ஆக 80 லட்சம். கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்டதற்கு, கொஞ்சம் தேடிப் பார்த்து, 720 என்றான். சுவருக்குள் நாம் நடக்கிற இடம் அதுதான். அதை வைத்துப் பார்த்தால் அடி 11,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆனால் இது சென்னையில் எல்லோரும் விற்கிற விதம், இதற்காக அவனைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து புராஜெக்டோடு விலையை ஒப்பிடும்போது கார்பெட் ஏரியாவை வைத்து ஒப்பிட்டால் போதும்.

அப்ரூவல் பற்றிக் கேட்டேன். "எல்லாம் இருக்கு சார், சிஎம்டிஏ, ரெரா, பேங்க் அப்ரூவல், எல்லாமே" என்று பிரோஷரின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். சிஎம்டிஏ பிளானுக்கு அனுமதி தருகிற அரசு அமைப்பு, ரெரா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் ரெரா பதிவு எண் இருந்தது. TN என்று தொடங்கி, நடுவில் Building என்று வந்து, வருடத்தில் முடியும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அக்காவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு rera.tn.gov.in தளத்தைத் திறந்தோம். தளம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வந்தபின் கிடைத்ததைச் சொல்லியாக வேண்டும்: பதிவான புராஜெக்ட் பட்டியலில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தால், அனுமதி பெற்ற வரைபடம் முதல் முடிக்க வேண்டிய தேதி வரை, கட்டுநர் கொடுத்த காகிதங்களைப் பைசா செலவில்லாமல் பார்க்கலாம். மாமா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வரைபடத்தைப் பெரிதாக்கினார். ஒரு மாடிக்கு எட்டு வீடு. ஸ்டில்ட், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, அதற்கு மேல் மொட்டை மாடி. பதிவில் இருந்த ஃபிளாட் எண்ணிக்கை 32.

"நீ வாங்கப் போற வீடு இன்னும் பிறக்கலையேப்பா" என்றார்.

மறுநாள் சேல்ஸ் ஆபீஸில் கேட்டபோது பையன் உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தான். அவர் ஒளிக்கவில்லை. ஐந்தாவது மாடிக்கு பிரீமியம் எஃப்எஸ்ஐ-க்கு விண்ணப்பித்திருக்கிறார்களாம், எப்படியும் வந்துவிடுமாம். தமிழ்நாட்டில் சாதாரணமாக நிலத்தின் பரப்பில் இரண்டு மடங்கு கட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அரசுக்குப் பணம் கட்டி கூடுதல் அளவு வாங்கலாம், எவ்வளவு கூடுதல் என்பது முன்னால் இருக்கிற சாலையின் அகலத்தைப் பொறுத்தது. சட்டத்துக்கு உட்பட்ட வழிதான். ஆனால் அனுமதி கைக்கு வருமுன் அந்த மாடியை விற்பது சரியில்லை, ரெரா பதிவில் இல்லாத வீட்டை விற்கவே கூடாது. பேங்க் அப்ரூவல் என்று அவர்கள் சொன்னதும் பிளானில் இருக்கிற 32 வீட்டுக்குத்தான். ஐந்தாவது மாடிக்கு லோன் கேட்டுப் போயிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

இதில் நான்காவது மாடிக்காரருக்கும் ஒரு இழப்பு உண்டு. நிலம் 6 கிரவுண்டு, அதாவது 14,400 சதுர அடி. 32 வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்குச் சராசரி 450 அடி யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, வரும். 40 என்றால் 360. கட்டடம் பழசாகி இடிக்கிற காலத்தில் கையில் நிற்பது அந்த நிலப் பங்குதான். அதனால்தான் விற்ற பிறகு பிளானை மாற்ற வேண்டுமானால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. மேனேஜர் கொடுத்த ஒப்பந்த மாதிரியைப் புரட்டினால், 11-ஆம் பக்கத்தில் ஒரு பத்தி: எதிர்காலத்தில் கூடுதல் தளம் கட்டுவதற்கு வாங்குபவர் இப்போதே சம்மதம் தருகிறார், பின்னால் ஆட்சேபிக்க மாட்டார். அதற்குக் கீழே நம் கையெழுத்துக்குக் கட்டம்.

சரி, மூன்றாவது மாடியில் ஒன்று இருக்கிறது, அதே விலைக்குத் தருகிறோம் என்றார்கள். அது பிளானில் இருக்கிறது. அப்போதுதான் பணம் கட்டும் அட்டவணையை நிதானமாகப் பார்த்தேன். என் அனுபவத்தில் இந்த ஒரு பக்கத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டுகிறார்கள், பேங்க்தானே கட்டப்போகிறது என்று.

புக்கிங்கில் 10 சதவீதம். முப்பது நாளுக்குள் ஒப்பந்தம் போடும்போது 15. அஸ்திவாரம் முடிந்தால் 15. அப்புறம் ஒவ்வொரு கான்கிரீட் தளம் போடும்போதும் 10, ஸ்டில்ட்டின் மேல்தளத்தையும் சேர்த்து ஐந்து தளத்துக்கு 50. செங்கல் வேலைக்கு 5, சாவி கொடுக்கும்போது 5. கூட்டிப் பாருங்கள். கடைசி கான்கிரீட் தளம் போட்ட அன்று 90 சதவீதம், அதாவது 72 லட்சம், நம் கையை விட்டுப் போயிருக்கும். அன்று நிற்பது வெறும் தூணும் தளமும். மாமா கணக்கில், அந்த எலும்புக்கூட்டுக்குக் கட்டுமானச் செலவில் ஏறக்குறைய பாதிதான் ஆகும். பூச்சு, டைல்ஸ், கதவு, பிளம்பிங், வயரிங், லிஃப்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். மிச்சம் வரவேண்டியது 8 லட்சம் என்னும்போது, அந்த வேலைகளை இழுத்தடித்தால் கட்டுநருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நாம் ஊர் ஊராகப் பார்க்கிற, தளம் எல்லாம் எழும்பி, பூச்சு இல்லாமல் இரண்டு வருடம் நிற்கிற கட்டடங்கள் பலவற்றின் கதை இதுதான்.

ஒப்பந்தம் போடும்போது கட்டச் சொன்ன 15 சதவீதத்திலும் ஒரு சங்கதி இருந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வார்களா என்று கேட்டேன். "அது கிரையப் பத்திரம் போடும்போது ஒரேயடியா பண்ணிக்கலாம் சார், இப்போ ஸ்டாம்ப் பேப்பர்ல சைன் பண்ணா போதும்" என்றார். போதாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-ஆம் பிரிவு. வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். பிரச்சினை வந்தால் நேரில் போய் நிற்க முடியாதவனுக்குப் பதிவான காகிதம் ஒன்றாவது வேண்டும்.

தாமத இழப்பீட்டையும் பார்த்தேன். நாம் தவணை தவறினால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. அவர்கள் தாமதித்தால் மாதம் அடிக்கு 5 ரூபாய், என் வீட்டுக்கு 5,000. கட்டிய 72 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 60,000 வரும். ரெரா சட்டப்படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே வட்டிதான். பையன் அடுத்த தீபாவளிக்குக் குடிவந்துவிடலாம் என்றிருந்தான். ரெரா பதிவில் கட்டுநரே கொடுத்த முடிப்புத் தேதி அதற்கும் ஒன்றரை வருடம் தள்ளி. ஒப்பந்தத்தில் அந்தத் தேதிக்கு மேலும் ஆறு மாதச் சலுகை. வாடகை, ஈஎம்ஐ கணக்குப் போடுகிறவர்கள் தீபாவளியை மறந்துவிட வேண்டும்.

கட்டுநரின் பழைய வேலையைப் பார்க்க ஒரு நாள் காலை ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவர்கள் வெப்சைட்டில் போட்டிருந்த அழகான கட்டடத்துக்குப் போகவில்லை. நான்கு வருடம் முன்பு ஒப்படைத்த, அதில் இடம்பெறாத ஒன்றுக்குப் போனோம், ரெரா தளத்தில் அதே பெயரில் தேடினால் வருகிறது. வாசலில் வாட்ச்மேன், பிறகு சங்கச் செயலாளர். அவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். வேலை மோசமில்லை, ஒழுகல் இல்லை என்றார். ஆனால் சாவி கொடுத்தபோது கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கியிருக்கவில்லை. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்கவில்லை. எட்டு மாதம் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓட்டினார்களாம், யூனிட்டுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது என்றார். குடிவந்தவர்கள் சேர்ந்து போய் உட்கார்ந்த பிறகுதான் சர்டிபிகேட் வந்தது. அந்த அரை மணி நேரத்தில் தெரிந்தது சேல்ஸ் ஆபீஸில் மூன்று நாளிலும் தெரியவில்லை.

வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்திலேயே பார்த்துவிட்டோம். நிலம் இரண்டு சகோதரர்கள் பெயரில், கட்டுநருக்குப் பதிவு செய்த பவர் கொடுத்திருக்கிறார்கள், வங்கி அடமானம் எதுவும் இல்லை. தாய்ப் பத்திரம் பார்க்கிற வேலையை வக்கீலிடம் விட்டேன். 15,000 கேட்டார், நான்கு நாளில் எழுதிக் கொடுத்தார், அதுவும் சுத்தம்.

ஆக நிலத்தில் குறை இல்லை, வேலையிலும் பெரிய குறை இல்லை. காகிதத்தைத்தான் மாற்ற வேண்டும். மாமாவும் நானும் உட்கார்ந்து ஒரு அட்டவணை எழுதினோம். புக்கிங் 10, ஒப்பந்தம் பதிவானபின் 10, அஸ்திவாரம் 15, ஐந்து தளத்துக்கும் தலா 7, செங்கல் வேலைக்கு 10, பூச்சும் தரையும் முடிந்தால் 10, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் கையில் கொடுத்தால் 10. இப்படிப் போட்டால் கடைசித் தளத்தன்று 56 லட்சம் போயிருக்கும், 24 லட்சம் நம்மிடம் நிற்கும். கூடவே, 11-ஆம் பக்கப் பத்தியை எடுத்துவிட வேண்டும், வட்டி இருபக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மெயிலில் அனுப்பினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. கிளம்புகிற நாளுக்கு முந்தின மாலை மேனேஜர் போன் செய்தார். ஒப்பந்தம் பதிவு செய்யலாம், கடைசித் தவணையை 10 ஆக்கி சர்டிபிகேட்டோடு கட்டிவிடலாம், வட்டியும் சரி என்றார். தளத் தவணையில் 8-க்குக் கீழே வரமாட்டார்களாம். அதை நான் ஒப்புக்கொண்டிருப்பேன். 11-ஆம் பக்கம் மட்டும் முடியாது, எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்தான் சார் என்றார். "அப்போ ஐந்தாவது மாடிக்கு அனுமதி வந்து, ரெராவிலேயும் ஏறினதுக்கப்புறம் கூப்பிடுங்க, யுடிஎஸ் எவ்வளவுன்னு அப்ப பேசிக்கலாம்" என்றேன். சரி சார் என்றார், கோபம் இல்லாமல்.

சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாமா ஞாயிறு தோறும் rera.tn.gov.in திறந்து பார்க்கிறாராம். இன்னும் 32 தான்.