ஸ்கோர்கார்டு ஸ்கிரீன்ஷாட்டும் ரன் ரேட் கணக்கும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கிரிக்கெட் ஸ்கோர்கார்டு ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து ரன் ரேட் கணக்குப் போட, கூகுள் லென்ஸில் எழுத்தை நகலெடுத்து கூகுள் ஷீட்ஸில் ஒட்டுவதுதான் வழி. எழுத்தைப் படிப்பதில் லென்ஸ் பெரும்பாலும் சொதப்புவதில்லை. கணக்கு கெடுவது அதற்குப் பிறகுதான்.

முதல் வில்லன் ஓவர். 2011 உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா 48.2 ஓவரில் 277. இதை அப்படியே வகுத்தால் 5.75 வரும், சரியான விடை 5.73. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 2 பந்துக் கணக்கு, பத்தில் இரண்டு அல்ல. அதனால் ஓவரை முதலில் பந்துகளாக்க வேண்டும். B2-வில் ஓவர் இருந்தால்:

```
=INT(B2)*6+ROUND(MOD(B2,1)*10,0)
```

290 பந்துகள் என்று வரும். ரன்னை 6-ஆல் பெருக்கி இதால் வகுத்தால் ரன் ரேட். அந்த ROUND-ஐ அலங்காரம் என்று நினைத்து INT போட்டுவிடாதீர்கள். 21.4-இல் மிச்சம் 3.9999 என்றுதான் நிற்கும். ஒரு பந்து காணாமல் போய்விடும்.

அதே ஆட்டத்தில் கோலி அவுட்டானபோது 21.4 ஓவரில் 114. இலக்கு 275, இலங்கை எடுத்த 274-ஐ வைத்துக் கழிப்பது அடிக்கடி நடக்கிற தவறு. தேவை 161 ரன், மிச்சம் 300-130 = 170 பந்து. ஆக, தேவைப்படும் ரேட் 5.68. ஐம்பதிலிருந்து 21.4-ஐ நேராகக் கழித்தால் 5.63 வந்து, துரத்தல் கொஞ்சம் சுலபம் போலத் தெரியும்.

அடுத்தது நட்சத்திரக் குறி. 91*, 21* என்று ஒட்டினால் ஷீட்ஸ் அவற்றை எண்ணாக எடுக்காது. SUM எந்தப் பிழையும் காட்டாமல் அவற்றைத் தாண்டிப் போய்விடும்: பேட்டர்கள் எடுத்தது 262, கூட்டுத்தொகை காட்டுவதோ 150. Find and replace-இல் நட்சத்திரத்தை நீக்கினால் தீர்ந்தது.

படித்தது சரியா என்று பார்க்க இரண்டு கூட்டல் போதும். 262-உடன் எக்ஸ்ட்ரா 15 சேர்ந்தால் 277. ஆறு பேரும் ஆடிய பந்துகள் 2, 14, 122, 49, 79, 24. கூட்டினால் 290, அதாவது 48.2 ஓவர். வைடு இந்தக் கணக்கில் வராது. நோபால் பேட்டர் கணக்கில் ஏறும், ஓவர் கணக்கில் ஏறாது; எனவே நோபால் விழுந்த ஆட்டத்தில் அத்தனை பந்து கூடுதலாக வரும். அதற்கு மேலும் இடித்தால் ஏதோ ஓர் எண் தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. புள்ளியே விழுந்து 482 ஆகிவிட்ட ஓவரும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ஸ்ட்ரைக் ரேட்டில் வம்பே இல்லை: தோனி 91/79, நூறால் பெருக்கினால் 115.19. கார்டில் 115.18 இருந்தால் பதற வேண்டாம், சில தளங்கள் கடைசி இலக்கத்தை முழுமையாக்காமல் வெட்டிவிடும்.

மழையால் ஓவர் குறைந்த ஆட்டங்களில் மட்டும் இந்த ஷீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. திருத்திய இலக்கும் குறைத்த ஓவரும் பல கார்டுகளில் மேலே சின்ன எழுத்தில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அந்த வரியையும் சேர்த்துப் பிடித்து, 300-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.