பபிள் ராப்பா, கசக்கிய காகிதமா? உங்கள் கோப்பை எப்படிக் கிளம்புகிறது, பாருங்கள்

வீடியோவில் இருப்பது இன்று கிளம்பும் பீங்கான் கோப்பை. பீங்கானில் முதலில் உடைவது பெரும்பாலும் கைப்பிடிதான். அதனால் கைப்பிடியின் வளையத்துக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணித்துவிட்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கோப்பையைச் சுற்ற பபிள் ராப்தான் என் கட்சி. குமிழ்ப் பக்கம் உள்ளே, கோப்பையைத் தொட்டபடி, இரண்டு சுற்று. இழுத்துக் கட்டினால் குமிழ் நசுங்கி, வெறும் பிளாஸ்டிக் தாள்தான் மிஞ்சும். காகிதம் மட்டும் சுற்றினால் கீறல் விழாது, சரி. ஆனால் பெட்டி கீழே விழுந்தால் அந்த அடியை வாங்கிக்கொள்ள அதில் காற்று இல்லையே!

பெட்டியை நிரப்பும்போது கதை மாறுகிறது. கோப்பைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விடுகிறேன். அங்கே பபிள் துண்டுகளைப் போட்டால் வழுக்கி நகரும். கோப்பை மெல்ல ஓரத்துக்குப் போய்விடும். கசக்கிய காகிதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பிடித்து நிற்கும். கனமான ஜாடி என்றால் காகிதம் அமுங்கிவிடும், அதற்கு இரட்டைப் பெட்டி.

ஒரு தடவை அவசரத்தில் அடியில் காகிதம் வைக்க மறந்து அனுப்பினேன். வாடிக்கையாளர் அனுப்பிய போட்டோவில் கோப்பை மூன்று துண்டு. புதிதாக ஒன்று அனுப்பினேன். அன்றிலிருந்து டேப் ஒட்டும் முன் ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்துக் குலுக்குகிறேன். லேசாக ‘டக்’ என்று கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவேன். வீடியோ கடைசியில் நான் தலையாட்டுவது அதற்குத்தான்: சத்தம் இல்லை, உங்கள் கோப்பை கிளம்பலாம்.