ஒரே கவிதை, இருபது குரல்கள்: வரிகளை யாருக்கு எப்படிப் பிரிப்பது?

அசெம்பிளியில் சொல்வதற்காக நானே எழுதிய பத்து வரி இது. இருபது பிள்ளைகள் சேர்ந்து சொல்ல வேண்டும்.

மண்ணைத் தொட்டு நிமிர்ந்து நின்றோம்
மனத்தில் உன்னை ஏற்றி வைத்தோம்!
எல்லை காக்கும் கைகள் எங்கே?
இதோ இதோஎம் கைகள் இங்கே!
ஏரைப் பிடித்த கையும் உனக்கே
ஏட்டைப் பிடித்த கையும் உனக்கே
பேச்சு வேறு, பிறப்பு வேறு,
பேணும் தாய்நீ ஒருத்தி தானே!
உயிரைக் கொடுத்து விடுதலை தந்தோர்
உறங்கும் மண்ணே, வணக்கம் வணக்கம்!

இதைப் பிரிக்க மூன்று வழிகள் நம் கைக்கு எட்டும்: ஆளுக்கு ஒரு வரி கொடுப்பது, எல்லோரும் ஒரே குரலாகச் சொல்வது, இரண்டு அணியாகப் பிரித்து மாறி மாறிச் சொல்ல வைப்பது. மூன்றையும் இதே கவிதையில் செய்து பார்த்தேன்.

முதலில் ஆளுக்கு ஒரு வரி. பெரும்பாலான ஆசிரியர்கள் இதில்தான் தொடங்குகிறோம். பத்துப் பிள்ளைக்குத் தனித்தனியாக வாய்ப்பு கிடைக்கும், மனப்பாடமும் எளிது. முதல் எட்டு வரி வரை பெரிய சேதம் இல்லை. ஒன்பதாவது வரியில்தான் உடைகிறது. ‘உயிரைக் கொடுத்து விடுதலை தந்தோர்’ என்று ஒரு பிள்ளை நிறுத்துகிறது. அடுத்த பிள்ளை மூச்செடுத்து ‘உறங்கும் மண்ணே’ என்கிறது. ‘தந்தோர் உறங்கும் மண்’ என்பது ஒரே தொடர். அதை நடுவில் வெட்டினால், கேட்பவருக்கு மண்தான் உறங்குகிறது என்று காதில் விழும். தமிழில் வினையோ அழைக்கப்படும் பெயரோ பெரும்பாலும் தொடரின் கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் குரல் மாறினால், அர்த்தம் யார் வாயிலும் முழுதாக இருக்காது. வரி முடிகிற இடமும் வாக்கியம் முடிகிற இடமும் ஒன்றா என்று ஒவ்வொரு வரியிலும் பார்க்காமல் ஆளுக்கு ஒரு வரி கொடுக்கக் கூடாது.

இந்த முறையில் இன்னொரு சங்கடம் மைக். மைக் ஒன்றுதான் என்றால் ஒவ்வொருவரும் முன்னே வந்து போக வேண்டும். வரி ஒன்றைச் சொல்ல மூன்று நொடி ஆகிறது. ஆள் மாறவும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகிறது. கவிதையில் பாதி, காலடி ஓசையாகப் போய்விடும்.

அடுத்தது, எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாக. கேட்க வலிமையாக இருக்கும். கூச்சப்படும் பிள்ளைக்கும் துணை உண்டு. ஆனால் மூன்று வழியில் இதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும் என்பது என் அனுபவம். வெளியிலிருந்து பார்த்தால் எளிமை போலத் தெரிவதால் பலர் இதற்குக் குறைந்த நேரம் ஒதுக்குகிறார்கள். சிக்கல் எழுத்துகளில் இருக்கிறது. ‘எல்லை’, ‘ஏரை’ என்று உயிரில் தொடங்கும் சொல்லில் ஓரிருவர் முந்திப் பிந்தினாலும் காது பொறுத்துக்கொள்ளும். ‘பேச்சு’ என்று வல்லினத்தில் தொடங்கினால் பொறுக்காது. ‘பே-பே-பேச்சு’ என்று கூழாங்கல் கொட்டியது போலச் சிதறும். முடிவில் இதற்கு நேர்மாறு: ‘வைத்தோம்’, ‘வணக்கம்’ என்று ‘ம்’மில் முடியும் சொற்களை ஆளுக்கொரு நீளத்தில் இழுப்பார்கள். கடைசி வரியில் முதல் வணக்கத்தின் ரீங்காரம் இரண்டாவது வணக்கத்தை மூடிவிடும்.

தொடக்கச் சிதறலுக்கு மருந்து, சேர்ந்து மூச்செடுப்பது. முன்வரிசையில் ஒரு பிள்ளை தலையை லேசாக உயர்த்தி மூச்செடுக்க, மற்றவர்களும் கூடவே எடுக்க வேண்டும். முடிவுக்கு, ‘ம்’ வந்ததும் உதடு மூட வேண்டும், ஓசையும் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டும் சரியானாலும், மூன்றாம் நாள் பயிற்சிக்குள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் ராகம் ஒன்று எப்படியோ வந்துவிடுகிறது. வரிக்கு ஒரு சொல்லை மட்டும் அழுத்தச் சொன்னால் அது கலையும். எட்டாவது வரியில் நான் அழுத்தச் சொன்னது ‘ஒருத்தி’. ‘பேணும்’ என்பதில் அழுத்திவிட்டால் ‘பேச்சு வேறு, பிறப்பு வேறு’ என்று முன்னே சொன்னதற்குப் பதிலே இல்லாமல் போகும்.

இரண்டு அணி முறைக்குத்தான் என் வாக்கு. இந்தக் கவிதைக்குள்ளேயே கேள்வியும் பதிலும் இருக்கின்றன. ‘கைகள் எங்கே?’ என்று ஒரு பக்கம் கேட்க, ‘இதோ இதோ’ என்று மறுபக்கம் எழுகிறபோது மைதானத்தில் நிற்பவர்கள் தாமாகத் தலை திருப்புகிறார்கள். ஆனால் ஆண், பெண் என்றோ உயரம் பார்த்தோ அணி பிரிக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் ஒரே வரியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மென்மையான குரல்கள் ஒரு பக்கம், கனத்த குரல்கள் மறுபக்கம். குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களைக் கனத்த அணியில் சேர்த்துக் குட்டி வரிகளைக் கொடுத்தால் அவர்களுக்கும் கூச்சம் இராது.

இந்த முறையில் நான் செய்த பெரிய தவறு, மைதானத்தின் இரண்டு கோடியில் அணிகளை நிறுத்தியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். அணிகளுக்கிடையே 34 மீட்டர் இருந்தால் ஒரு பக்கத்துக் குரல் மறுபக்கம் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மாறி மாறிச் சொல்லும்போது அது தெரியவில்லை. சேர்ந்து சொல்ல வேண்டிய வரியில் ஒவ்வோர் அணியும் மற்றதைப் பின்தங்கியதாகக் கேட்டு, அதற்காகக் காத்து, வேகம் வரிக்கு வரி இறங்கியது. இப்போது பிறை வடிவில் ஒட்டி நிறுத்துகிறேன். நடுவில் இரண்டடி இடைவெளி போதும்.

ஆனாலும் அணி முறையைக் கவிதை முழுக்க நீட்டினால் பந்தாட்டம் போலாகிவிடும். மற்ற இரண்டு வழிகளையும் உரிய இடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு வரி எல்லோருக்கும். கேள்வி மென்குரலுக்கு, பதில் கனகுரலுக்கு. ஏரும் ஏடும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு முழு வாக்கியங்கள். அங்கே ஆளுக்கு ஒரு வரி அழகாக உட்கார்கிறது. அந்த இருவரையும் முதலிலேயே மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு இப்படி:

மென்குரல்: பேச்சு வேறு,
கனகுரல்: பிறப்பு வேறு,
எல்லோரும்: பேணும் தாய்நீ ஒருத்தி தானே!
ஒருவர், தணிந்து: உயிரைக் கொடுத்து விடுதலை தந்தோர் உறங்கும் மண்ணே,
கனகுரல்: வணக்கம்
எல்லோரும்: வணக்கம்!

வேறு வேறு என்பதை வேறு வேறு குரல் சொல்கிறது, ஒருத்தி என்பதை எல்லாக் குரலும் சேர்ந்து சொல்கிறது. ஒன்பதாவது வரியும் பத்தாவதின் பாதியும் ஒரே பிள்ளையின் ஒரே மூச்சில் போவதால் தொடர் உடைவதில்லை. இத்தனை நேரம் கூட்டமாக ஒலித்த இடத்தில் ஒற்றைக் குரல் தணிந்து வரும்போது மைதானம் கூர்ந்து கேட்கிறது. அதற்கு உரத்த குரல் உள்ள பிள்ளையைத் தேட வேண்டாம். அவசரப்படாத பிள்ளை போதும்.

பயிற்சிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் இவ்வளவும் நடக்காது. நிதானமான ஒரு பிள்ளை கவிதை முழுவதையும் சொல்லட்டும். இரண்டிரண்டு வரிக்கு ஒருமுறை மற்றவர்கள் ‘வணக்கம் வணக்கம்’ மட்டும் சேர்ந்து சொல்லட்டும்.

கடைசிப் பயிற்சியின்போது பிள்ளைகள் முன் நிற்காமல், கூட்டத்தின் கடைசி வரிசை இருக்கும் இடத்துக்குப் போய் போனில் பதிவு செய்யுங்கள். கவிதையை அறியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, கடைசி வரியில் யார் உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். ‘மண்’ என்று அவர் சொன்னால், அந்தப் பிள்ளை ‘தந்தோர்’ என்ற இடத்தில் இன்னும் மூச்சு வாங்குகிறது.